பனையேறி விளையாட்டு: வடிவமைப்பு ஆவணம் குறித்து

தம்பி, 46 பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்று 9-ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஆடுகிறவர் திரும்பத் திரும்பச் செய்யப்போவது என்ன? 3-ஆம் பக்கம் பனையேறுவது என்கிறது. 14-ஆம் பக்கம் திசையன்விளையில் கடை நடத்துவது. 22-ஆம் பக்கம் தாமிரபரணிக் கரையில் புதையல் தேடுவது. மூன்றும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஏறு, பாளை சீவு, பதநீர் இறக்கு, காய்ச்சு, கருப்பட்டியை விற்று நல்ல அரிவாள் வாங்கு, மறுபடி ஏறு: இந்த மையச் சுழற்சியை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். புதையல் இதில் ஒட்டவில்லை, எடுத்துவிடுங்கள்.

வெகுமதிக் கணக்குதான் என்னை மிகவும் உறுத்துகிறது. ஒரு மரம் ஏறி இறங்க 40 விநாடி. கிடைப்பது 10 காசு. தினமும் உள்ளே நுழைந்தாலே 200 காசு. அரிவாள் விலை 600. மூன்று நாள் எட்டிப் பார்த்தால் போதும், ஒரு மரம்கூட ஏற வேண்டாம்! பனையேறியின் உழைப்பைச் சொல்ல வந்த விளையாட்டில் இது நடக்கக் கூடாது. நுழைவுப் பரிசை 20 ஆக்குங்கள்; பதநீர் புளிக்காமல் இறக்கியவருக்கு 15 கூடுதலாகக் கொடுங்கள்.

நீங்கள் மூன்று பேர், கையில் ஆறு மாதம். 30 ஊர்களும் பலர் சேர்ந்தாடும் வசதியும் தாங்காது. ஒரு தோப்பு, 12 பனை, பதநீர் காய்ச்ச ஒரு விடிலி. அதை மட்டும் மூன்று வாரத்தில் ஆடிப் பார்க்கும்படி செய்து அனுப்புங்கள்.