டீ இன்னும் சொல்லவில்லை

காட்பாடியில் இறங்கி
வேலூருக்கு வரும்போதெல்லாம்
பாலத்துக்குக் கீழே
மணலைத்தான் பார்த்திருக்கிறோம்.

ஆனாலும் யாரும் அதை
மணல் என்று சொன்னதில்லை.
பாலாறு என்றுதான் சொன்னார்கள்.

தண்ணீர்தான் இல்லையே,
பாலம் எதற்கு என்று
ஒருவரும் அதை இடிக்கவும் இல்லை.

இன்றைக்குப் புத்தகங்கள்
மூடியே கிடக்கட்டும்.
அழுகை வந்தால் அழு.
அம்மா கூப்பிட்டால் சாப்பிடப் போ.
போனை எடுக்காதே,
என் போனையும்தான்.

மழை எப்போது வரும் என்று
நான் சொல்லப்போவதில்லை.
எனக்குத் தெரியாது.

பாலம் அங்கேயே இருக்கிறது.
இந்தக் கரையில்
நான் நிற்கிறேன்.
மெதுவாகவே வா.
டீ இன்னும் சொல்லவில்லை.

(அட்டைக்குள் மடித்து வைத்த தாள்)

அடியே,

அட்டையில் இவ்வளவுதான் இடம். மீதியை இந்தத் தாளில் எழுதுகிறேன். கவிதையை மட்டும் படித்துவிட்டு இதை அப்படியே மடித்து வைத்தாலும் கோபிக்க மாட்டேன். என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்குப் படி.

முதலில் அட்டை கிடைத்த கதை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினேன். பிறந்தநாளுக்கு இருக்கிறது, கல்யாணத்துக்கு இருக்கிறது, பாஸானவர்களுக்கு மினுமினுக்கும் தொப்பி போட்டே இருக்கிறது. பாஸாகாதவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். "அதுக்கெல்லாம் யாருமா கார்டு வாங்குவாங்க?" என்றார். நியாயமாகப் பார்த்தால் அவர்களுக்குத்தானே வாங்க வேண்டும்? பாஸானவர்களுக்கு எதற்கு அட்டை, அவர்களிடம்தான் ரிசல்ட் இருக்கிறதே.

கடைசியில் ரோஜாப் பூ போட்ட ஒரு பிறந்தநாள் அட்டையை வாங்கி, உள்ளே வெள்ளைத் தாளை ஒட்டி அதன்மேல் எழுதினேன். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் 'இன்று போல் என்றும் வாழ்க' என்று அடியில் தெரியும். தயவுசெய்து பிடித்துப் பார்க்காதே. இன்று போல் என்றும் வாழச் சொல்லும் நாளா இது!

எழுதி எழுதி ஆறு தாளைக் கிழித்தேன். முதல் தாளில் தோல்வி வெற்றியின் முதல் படி என்று ஆரம்பித்துவிட்டேன். அதைப் படித்தால் நீ ரயில் ஏறி வந்து என்னை அடிப்பாய் என்று தோன்றியது. இரண்டாவதில் விதை, முளை, மரம் எல்லாம் வந்தன. மூன்றாவதில் உன் அப்பாவின் தறியைக் கொண்டுவந்தேன். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு நெய்து கொண்டே போவார், அதுபோல என்று. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குடியாத்தத்தில் பிறந்த உனக்கு நான் தறியைப் பற்றிச் சொல்வதா? அதுவுமில்லாமல், அந்த முடிச்சைப் போடும் நேரத்தில் உன் அப்பா முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு, லுங்கியின் கட்டம் கோணிவிடுமோ என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அதைப் போய் அழகான உவமையாக்கக் கூடாது. எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் பாலாறு வந்தது. அதற்குக் காரணம் நீதான்.

2021 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? வகுப்பு முடிந்து குடை பிடித்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினோம். ஊரே அங்கே நின்றது. கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் தண்ணீர். நடுவில் ஒரு வேலமரம் வேரோடு உருண்டு போனது. நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம ஆறாடி?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் உன்னைத் திரும்பிப் பார்த்து, "நம்ம ஆறுதாம்மா, நாமதான் மறந்துட்டோம்" என்றார். அவர் யாரோ எவரோ. அன்று என் செருப்பு ஒன்று அறுந்து, வெறுங்காலோடு வீட்டுக்குப் போனதும் ஞாபகம் இருக்கட்டும். நீ சிரித்தாய்.

நம் ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டே, நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில் என்று. வெளியூர்க்காரர்கள் எவ்வளவு ஆசையாகச் சொல்வார்கள்! என் தாத்தா இதற்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்வார். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நூற்றாண்டுக் கணக்காகச் சாமி இல்லை. கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளிகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல் கோட்டைக்குள் கொண்டு வந்து வைத்தார்கள். அதோடு அந்த 'இல்லை' போயிற்று. 2021-இல் ஆற்றுக்குத் தண்ணீர் வந்ததைத் தாத்தா பார்க்கவில்லை, நாம் பார்த்தோம். ராஜா மட்டும்தான் பாக்கி. அவர் வந்தாலும் கோட்டை வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு மொபைலில் சி.ஏ. ரிசல்ட் பார்த்துவிட்டு நீ எனக்கு அனுப்பியது இரண்டே சொல். "ஒண்ணுமில்ல. போச்சு." போச்சு என்று சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த 'ஒண்ணுமில்ல'தான் மூன்று நாளாக என்னை உறுத்துகிறது.

ஒன்றுமில்லையா? நான் கணக்கில் உன்னைவிட மோசம், ஆனாலும் இதை எனக்குக் கூட்டத் தெரியும். அக்கவுண்ட்ஸ் 61, லா 44, டாக்ஸேஷன் 41. மூன்றிலும் 40-ஐத் தாண்டியிருக்கிறாய். ஒரு பேப்பரிலும் நீ விழவில்லை. மொத்தம் 146. மூன்றும் சேர்ந்த குரூப்புக்கு 150 வேண்டும். நான்கு மார்க். எல்லாப் பேப்பரும் தேறி, மொத்தத்தில் தேறவில்லை என்று சொல்லும் தேர்வை சி.ஏ.வில்தான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு அத்தைக்கு இதை விளக்கிச் சொல்ல முயன்றேன். "அப்ப பாஸா ஃபெயிலா?" என்று கேட்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த 61-ஐக் கவிதைக்குள் கொண்டுவர எவ்வளவோ பார்த்தேன், வரவில்லை. ஆறுதல் கவிதையில் எண்ணைப் போட்டால் பலசரக்குக் கடைச் சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் இங்கே சொல்கிறேன். 60-ஓ அதற்கு மேலோ வாங்கிய பேப்பருக்கு எக்ஸெம்ப்ஷன் உண்டு, அடுத்த மூன்று தடவைக்கு அதைத் திரும்ப எழுத வேண்டாம், மார்க்கும் அப்படியே கூட்டலில் நிற்கும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான், போன வருஷம், உன் வகுப்புத் தோழி ஒருத்தி அழுதபோது. அவளை உட்கார வைத்து, இட்லி ஊட்டாத குறையாகச் சொன்னாய். இப்போது அதை உனக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னதும் காதில் ஏறியிருக்காது. மீதி இரண்டு பேப்பரில் 89 வந்தால் போதும். இந்தத் தடவை 85 வாங்கியிருக்கிறாய்.

சரி, இத்தோடு கணக்கை நிறுத்துகிறேன். ஜனவரிக்கு எழுதுவதா, மே மாதத்துக்குத் தள்ளுவதா, இந்தப் படிப்பே வேண்டாமா, இதெல்லாம் உன் யோசனை. பத்து நாளைக்கு நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். பதினோராவது நாள் ஃபார்முக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்று மட்டும் கேட்பேன். அதுகூட, தேதி தாண்டிவிடப் போகிறதே என்ற பயத்தில்.

உன் அப்பாவிடம் நேற்று பேசினேன். உன்னிடம் சொல்லாதே என்றார், சொல்லிவிடுகிறேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசினார். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாப்பா சாப்பிடறாளா, உங்கிட்ட எதாவது சொன்னாளாம்மா?" என்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீ சாப்பிடுகிறாயா என்று வேலூரில் இருக்கிற என்னைக் கேட்கிறார் பார். கதவைக் கொஞ்சம் திறந்து வை. பேச வேண்டாம், திறந்து மட்டும் வை.

வர ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டில் உன் மாமா மகன் கல்யாணம். அங்கேதான் ஆபத்து. ஒவ்வொருவரும் "இன்னாமா, ரிசல்ட்டு வந்துச்சா?" என்று வருவார்கள். மழுப்பினால் இன்னும் இரண்டு கேள்வி கூடும். நேராகச் சொல்லிவிடு: "வந்துச்சு மாமா, பாஸ் ஆகல, பிரியாணி எந்தப் பக்கம்?" அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது. பந்தியில் கத்தரிக்காய் பச்சடி இரண்டாம் தடவை வாங்கிக்கொள், எனக்காக. போகவே பிடிக்கவில்லையென்றால் தலைவலி என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிடு. அம்மா இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் வாங்கி வைத்திருக்கிறாள், எண்ணெயில் வதக்கித் தருவதாகச் சொன்னாள். எப்படிப் பார்த்தாலும் அன்றைக்கு உனக்குக் கத்தரிக்காய் உண்டு.

இன்னொன்று. கல்லூரி மூன்றாம் செமஸ்டரில் நான் புள்ளியியலில் அரியர் வைத்தபோது நீ எனக்குக் கவிதை எழுதவில்லை. நோட்டும் தரவில்லை. கேண்டீனில் எதிரே உட்கார்ந்து என் பஜ்ஜியைத் தின்றாய். முழுவதும் தின்றுவிட்டு, "உனக்கு வேணுமா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு ஈடாக எதுவும் எழுத எனக்கு வராது என்பது தெரிந்துதான் இந்தக் கவிதையை எழுதினேன்.

அண்ணன் ஆற்காட்டுக்குப் போயிருந்தான். மக்கன் பேடா வாங்கிவரச் சொன்னேன். அவன் நாளைக் காலை குடியாத்தம் வருகிறான், அட்டையோடு டப்பாவையும் தருவான். குறைந்த மார்க் நான்கு, அதனால் பேடாவும் நான்கு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நடுராத்திரி இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பசித்தது. டப்பாவைத் திறந்தால் மூன்றுதான் இருக்கும்.

இப்படிக்கு,
பாலத்தின் இந்தப் பக்கத்திலிருந்து,
நான்தான்