பரிந்துரைக் கடிதம்: சு. முருகானந்தம், திருத்துறைப்பூண்டி பகுதி நேர நிருபர்

தஞ்சாவூர்
10.03.2025

பெறுநர்:
ஊரக இதழியல் ஃபெலோஷிப் தேர்வுக் குழுவினர்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் நாளிதழின் தஞ்சாவூர் பதிப்பில் செய்தி ஆசிரியராக இருக்கிறேன். திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியிலிருந்து எங்களுக்குச் செய்தி அனுப்பும் சு. முருகானந்தம் உங்கள் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார். கஜா புயலுக்குச் சில மாதங்கள் முன்பு அவர் எங்களிடம் சேர்ந்தார். அன்றிலிருந்து அவருடைய செய்திகளைத் திருத்துவது பெரும்பாலும் நான்தான். அந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு செய்தி வெளியான பிறகும் அந்த ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிற நிருபர்கள் குறைவு. முருகானந்தம் அப்படிப் போகிறவர். அவரைப் பரிந்துரைக்க முதல் காரணம் அதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியபோது எல்லோரையும் போல அவரும் விழுந்த மரங்களையும் கூரை போன வீடுகளையும் படம் எடுத்து அனுப்பினார். அமைச்சர்கள் வந்து போய், வெளியூர் நிருபர்களும் கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்கியது. நிவாரணப் பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று கிராமம் கிராமமாகக் கேட்டு எழுதினார். விடுபட்டவர்களில் பலர் குத்தகைக்குப் பயிர் செய்தவர்கள். நிலம் அவர்கள் பெயரில் இல்லாததால் இழப்பும் அவர்கள் பெயரில் பதிவாகவில்லை. அவர் உங்களுக்கு அனுப்பியிருக்கும் ஆய்வுத் திட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவர் எப்படி வேலை செய்கிறார் என்பதற்கு ஒரு செய்தியைச் சொல்கிறேன். ஒரு சம்பா அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியல்கள் முளைவிட்டுக் கிடந்தன. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று எடுக்க மறுத்தார்கள். முளைத்த நெல்லின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, எங்களுடையதிலும் வந்தது. முருகானந்தத்துக்கு உறுத்தியது வேறு விஷயம். குத்தகை விவசாயிகள் வாசலிலேயே காத்திருக்க, லாரியில் வந்த நெல் மட்டும் தடையில்லாமல் உள்ளே போனதை அவர் பார்த்திருக்கிறார். நிலையத்தில் நெல் போட அடங்கல் வேண்டும். அப்படியானால் லாரி நெல்லுக்கு யாருடைய அடங்கல்?

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தப் பருவத்தில் நெல் விற்றவர்களின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார். தனிநபர் தகவல் என்று சொல்லி மறுத்தார்கள். மேல்முறையீடு செய்து வாங்கினார். அப்புறம் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். முந்தைய ஆண்டே இறந்துபோன ஒருவரின் பெயரில் நெல் விற்பனையாகியிருந்தது. நிலத்தை எப்போதோ விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்ட ஒருவரின் பெயரும் இருந்தது.

செய்தி தயாராகி, முதல் பக்கத்தில் இடமும் ஒதுக்கியாகிவிட்டது. மாலையில் அவரிடமிருந்து போன்: “சார், ஒரு பேரு மட்டும் இடிக்குது. அதே இனிஷியல்ல பக்கத்துத் தெருவுல இன்னொருத்தர் இருக்கார். நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன், இன்னைக்குப் போட வேண்டாம்.” நிறுத்தி வைத்தோம். மறுநாள் விசாரித்ததில், பட்டியலில் இருந்தது அந்தப் பக்கத்துத் தெருக்காரர்தான், அவர் விற்றது சொந்த நெல்தான் என்று தெரிந்தது. அந்தப் பெயரை எடுத்துவிட்டுச் செய்தியை வெளியிட்டோம். வெளியான எந்த வரிக்கும் இதுவரை மறுப்பு வரவில்லை. அடுத்த பருவத்தில் அதே நிலையத்துக்கு, யாரும் சொல்லாமலேயே, மறுபடி போய் என்ன மாறியிருக்கிறது, என்ன மாறவில்லை என்று எழுதினார்.

முதல் பக்கச் செய்தி கையில் இருக்கும்போது தானாகவே நிறுத்தச் சொல்கிற நிருபர் அபூர்வம். அச்சான செய்திக்குத்தான் பணம் என்ற நிலையில் இருக்கும் பகுதி நேர நிருபர் அதைச் செய்கிறார் என்றால் அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

அந்த நிலையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தாலுகா நிருபர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கும் படத்துக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது பெட்ரோலுக்கே சரியாகிவிடும். விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் பல இடங்களில் அவர்கள் தலையில்தான் விழுகிறது. தான் செய்தி எழுதும் ஆட்களிடம் விளம்பரம் கேட்கமாட்டேன் என்று முருகானந்தம் சேரும்போதே சொல்லிவிட்டார். இன்றுவரை கேட்டதில்லை. பிரஸ் மீட்டில் நீட்டப்படும் கவரையும் வாங்குவதில்லை.

பிழைப்புக்குத் தாலுகா அலுவலகம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா, சிட்டா, மனு, வழக்குக் கட்டு என்று ஊரின் பாதிக் காகிதம் அந்த மெஷின் வழியாகத்தான் போகிறது. ஒரு நிருபருக்கு இது எவ்வளவு பெரிய சபலம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகல் எடுக்க வந்த காகிதத்திலிருந்து ஒரு செய்திகூட அவர் எடுத்ததில்லை. ஏதாவது கண்ணில் பட்டால், உரியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டுமே எழுதுவார். சம்மதிக்காததால் அவர் விட்டுவிட்ட செய்திகள் உண்டு. அவற்றில் இரண்டொன்று எனக்கே வருத்தம். ஆனாலும் அவர் செய்ததே சரி.

அவருடைய ஆய்வுத் திட்டம், குத்தகை விவசாயி ஒரு பயிர்க் காலம் முழுக்க எந்தெந்தக் கதவில் திருப்பி அனுப்பப்படுகிறார் என்பதைப் பின்தொடர்வது: கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல், வெள்ள நிவாரணம். பி.எம். கிசான் உதவித்தொகை நில உரிமையாளருக்கு மட்டும்தான். குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனாலும் டெல்டாவில் வாய்மொழிக் குத்தகைதான் ஏராளம். கோயில் நிலங்களில் சிக்கல் வேறு மாதிரி. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது முதல் சம்பா நெல் நிலையத்துக்கு வரும் ஜனவரி, பிப்ரவரி வரை ஒரே குடும்பங்களோடு இருந்து எழுத வேண்டிய விஷயம் இது. தினமும் மூன்று செய்தி அனுப்பியாக வேண்டிய ஒருவரால் முடியாது. கடைக்கு ஆள் வைக்கவும், வண்டிக்குப் பெட்ரோல் போடவும், அந்த மாதங்களை இதற்கே கொடுக்கவும் உங்கள் உதவித்தொகை வழி செய்யும்.

அவருக்கு எதில் துணை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில ஆவணங்களை மெதுவாகத்தான் படிப்பார், அரசாணை என்றால் அகராதியோடு உட்காருவார். கணக்குகளை இன்னும் நீள நோட்டில்தான் போடுகிறார், எக்செல் சொல்லித்தர ஒருவர் வேண்டும். நீண்ட கட்டுரை எழுதினால் முக்கியமான விஷயம் ஐந்தாவது பத்தியில்தான் வரும். இவை கற்றுக்கொள்ளக் கூடியவை. ஒரு நல்ல வழிகாட்டி கிடைத்தால் சீக்கிரமே பிடித்துக்கொள்வார். நேர்முகத் தேர்வு தமிழில் நடந்தால் அவரை முழுமையாக அறிய முடியும் என்பது என் வேண்டுகோள்.

தேர்வானால், ஃபெலோஷிப் காலம் முழுவதும் அன்றாடச் செய்திப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க எங்கள் நிர்வாகம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்திருக்கிறது. அவருடைய பகுதியை மன்னார்குடி நிருபர் பார்த்துக்கொள்வார். கட்டுரைகளை எங்கள் நாளிதழில் தொடராக வெளியிடுகிறோம், சட்டரீதியான சரிபார்ப்பும் எங்கள் பொறுப்பு. முடிந்து திரும்பும்போது அவருடைய இடம் அவருக்காகவே இருக்கும்.

மேலே சொன்ன கொள்முதல் செய்தியையும், கஜா நிவாரணச் செய்திகளில் நான்கையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அவரைப் பற்றி மேலும் எதுவும் கேட்க வேண்டுமானால் பிற்பகல் மூன்று மணிக்கு முன் அழையுங்கள், அதற்குப் பிறகு பக்கம் முடிக்கும் வேலை தொடங்கிவிடும்.

இப்படிக்கு,

இரா. செல்வராஜ்
செய்தி ஆசிரியர், தஞ்சாவூர் பதிப்பு