ஆளணித் திட்டமும் சம்பளச் செலவும்: 2026 முதல் 2028 வரை
உவர்மலை வடிவமைப்பகத்தின் பங்காளிகள் கூட்டத்துக்கு

இப்போது நாம் வைத்திருப்பது நான்கு பேர்: மூத்த வடிவமைப்பாளர் 110,000 ரூபா, வடிவமைப்பாளர்கள் இருவர் தலா 70,000, அலுவலகமும் கணக்கும் பார்ப்பவர் 50,000. மாதம் மூன்று இலட்சம்.

முதலில் எடுக்க வேண்டியவர் சிங்களமும் தமிழும் பிழையின்றி எழுத்துக்கோக்கத் தெரிந்தவர். சென்ற ஜூனில் நிலாவெளி விடுதிக்கு அச்சடித்த உணவுப் பட்டியலில் ஒரு சிங்கள எழுத்து மாறியிருந்ததை அங்குள்ள சமையற்காரர்தான் கண்டார். 200 பிரதிகளை நம் செலவிலேயே மீண்டும் அடித்தோம். மும்மொழி வேலை கொழும்புக்குப் போவதும் இந்த ஓர் இடம் காலியாக இருப்பதால்தான். 2026 ஏப்ரலில் 70,000 ரூபாவுக்கு அவரைச் சேர்ப்போம்.

அந்த 70,000 நமக்கு 80,500 ஆகும். ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் நாம் கட்ட வேண்டும். அவருடைய பங்கான 8 வீதம் கழிந்து அவர் கைக்குப் போவது 64,400. நேர்முகத்திலேயே இதைத் தாளில் எழுதிக் காட்டிவிட வேண்டும். முதல் மாதச் சம்பளத்தன்று யாருடைய முகமும் வாடக்கூடாது.

2027 ஜனவரியில் வாடிக்கையாளர் தொடர்புக்கு ஒருவர், 75,000. ஜூலையில் பயிலுநர், 50,000. கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலோ மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ படித்தவராக இருந்தால் நல்லது. 2028 ஏப்ரலில் இணையத்தள வடிவமைப்பாளர், 120,000. பழையவர்களுக்கு ஆண்டுதோறும் 8 வீத உயர்வு, டிசம்பரில் எல்லோருக்கும் அரைமாத ஊக்கத்தொகை.

2026: சம்பளம் 4,230,000, நிதிகள் 634,500, ஊக்கத்தொகை 185,000. மொத்தம் 5,049,500.
2027: 5,995,200, 899,280, 262,300. மொத்தம் 7,156,780.
2028: 7,878,816, 1,181,822, 343,284. மொத்தம் 9,403,922.

மூன்றாண்டுக்கும் சேர்த்து 21,610,202 ரூபா. கணினி, மென்பொருள் உரிமம் இதில் இல்லை. பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கே கட்டாயம். நாம் எட்டுப் பேரோடு நிற்கிறோம். ஆனாலும் நம் மூத்தவர் ஐந்தாண்டை முடிக்கும்போது வெறுங்கையோடு நிற்க நான் விரும்பவில்லை. அதற்குத் தனிக் கணக்குத் திறப்போம்.

என்னை உறங்கவிடாதது பருவம். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் வேலை மே முதல் செப்டெம்பர் வரை குவிகிறது. வாடைக்காற்றும் மழையும் வந்ததும் விடுதிகள் வெறிச்சோடிவிடும், நம் பட்டியல்களுக்கான காசும் தாமதமாகும். சம்பளமோ பன்னிரண்டு மாதமும் போயாக வேண்டும். ஆகவே ஒருவரைச் சேர்க்குமுன் அவரையும் உள்ளடக்கிய மூன்று மாதச் செலவு வங்கியில் இருக்க வேண்டும். ஏப்ரல் நியமனத்துக்கு அது 1,276,500 ரூபா. மார்ச் 31 அன்று அந்தத் தொகை கணக்கில் இல்லாவிட்டால் நியமனத்தை ஜூலைக்குத் தள்ளுவோம். இருப்பவர்களின் சம்பளத்தில் ஒரு நாளும் பிந்தக்கூடாது.