திருத்திய ஒப்படைப்புத் திகதிகள்: சம்மாந்துறை மில், நெல் கொள்வனவு மென்பொருள்

மட்டக்களப்பு
2026 ஜனவரி 5

வணக்கம் ஹாஜியார்,

மென்பொருளை ஜனவரி 12 இல் முழுதாகத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அந்தத் திகதிக்குத் தர முடியாது. முழு வேலையும் பெப்ரவரி 17, செவ்வாய்க்கிழமைதான் முடியும். ஆனால் நெல்லை நிறுத்துத் துண்டு கொடுக்கும் பகுதி ஜனவரி 27 இலேயே உங்கள் கைக்கு வந்துவிடும். வேளாண்மை வெட்டு மும்முரமாகும் நேரத்தில் வாசலில் லாரியும் உழவு இயந்திரமும் வரிசையில் நிற்கும்போது உங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான் என்பதால், வேலையின் ஒழுங்கையே மாற்றியிருக்கிறேன்.

பிழை என் கணக்கில்தான். நால்வர், ஒருவருக்கு நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 160 என்று பிடித்து, 960 மணிநேர வேலையை 6 வாரத்தில் முடிக்கலாம் என்று எழுதினேன். போன வாரம் எல்லாருடைய நேரப் பதிவையும் எடுத்து வைத்து நாள் நாளாகக் கூட்டிப் பார்த்தேன். ஒருவர் 8 மணிநேரம் அலுவலகத்தில் இருந்தாலும், உங்கள் வேலையில் கை வைப்பது சராசரியாக 5½ மணிநேரம். மற்றது கூட்டங்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்ப்பது, பழைய வாடிக்கையாளர்களின் அழைப்புகள் என்று போகிறது. போதாததற்கு, நால்வரில் ஒருவர் பாதி நாள் வேறொரு வேலையில் இருந்தார். போயா தினத்தையும் நத்தாரையும் நான் கழிக்கவே இல்லை. ஆக டிசம்பர் 1 இலிருந்து 23 வேலை நாட்களில் உங்கள் வேலைக்குச் சேர்ந்தது 440 மணிநேரம் மட்டுமே. இதை டிசம்பர் நடுவிலேயே பார்த்து உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

மிச்சம் 520 என்று வந்தாலும் அதோடு இன்னும் 60 சேர்கிறது. உங்கள் இரண்டு தராசுகளும் கணினிக்கு எடையை வெவ்வேறு விதமாக அனுப்புகின்றன. பழையது, மூட்டை ஆடி நிற்பதற்கு முன்பே எண்ணை அனுப்பிவிடுகிறது. அது நின்ற பிறகுள்ள எடையை மட்டும் எடுக்கும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மூட்டையில் அரைக் கிலோ கூடக் குறைய விழும். அது கமக்காரனுடைய காசு, உங்களுடைய பெயர். இந்த 60 மணிநேரத்துக்கு மேலதிகக் கட்டணம் எதுவும் இல்லை.

பாதி நாள் வெளியே இருந்தவரை இன்றிலிருந்து முழுதாக உங்கள் வேலைக்கு எடுத்துவிட்டேன். இனி நாளுக்கு 22 மணிநேரம் என்றே கணக்கு. மிச்சம் 580 மணிநேரத்துக்கு 27 வேலை நாட்கள் தேவை. தைப்பொங்கலையும் சுதந்திர தினத்தையும் இந்த முறை கழித்துத்தான் எண்ணினேன்.

ஜனவரி 27: கமக்காரர் பதிவு, தராசு இணைப்பு, ஈரப்பதக் கழிவு, துண்டு.
பெப்ரவரி 9: கொடுப்பனவு, முற்பணம் கழித்தல், எஸ்.எம்.எஸ்.
பெப்ரவரி 17: இருப்பு, நாளாந்த மாதாந்த அறிக்கைகள்.

முதல் இரண்டு திகதிகளிலும் ஒரு நாளும், கடைசியில் இரண்டு நாளும் கைவசம் வைத்திருக்கிறேன். நோன்பு பிறை பார்த்துத் தொடங்க முன்பே எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பதும் என் எண்ணம். நோன்பு நாட்களில் உங்கள் பிள்ளைகளை மாலையில் பயிற்சிக்கு உட்கார வைப்பது நியாயமில்லை.

சனி ஞாயிறும் இரவும் வேலை செய்ய வைத்தால் திகதியை முன்னுக்கு இழுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன், வேண்டாம் என்று முடிவு செய்தேன். களைத்த ஆள் எழுதும் எடைக் கணக்கில் வரும் பிழையை வெட்டு நேரத்தில் கண்டுபிடிப்பது பெரும் பாடு.

உங்களிடமிருந்து எனக்கு வேண்டியவை இரண்டுதான். கமக்காரர் பட்டியலும், 14 வீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நீங்கள் கழிக்கும் அளவும் ஜனவரி 9, வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். அப்புறம், 12 ஆம் திகதி நானும் ஒரு பொறியியலாளரும் சம்மாந்துறைக்கு வருகிறோம். பழைய தராசைக் காலை நேரம் எங்களுக்கு விட்டுத் தாருங்கள். பட்டியல் பிந்தினால் 27 ஆம் திகதியும் அத்தனை நாள் பிந்தும்.

மென்பொருள் வந்த முதல் இரண்டு வாரமும் உங்கள் கொப்பியையும் கூடவே எழுதி வையுங்கள். ஒவ்வொரு நாள் மாலையும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் ஆள் ஒருவர் மில்லில் இருப்பார். இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எத்தனை மணிநேரம் போனது, எத்தனை மிச்சம் என்று உங்களுக்கு எழுதி அனுப்புவேன்.

இந்தத் திகதிகள் உங்களுக்குச் சரிவருமா என்று நாளைக்குள் சொல்லுங்கள். 27 ஆம் திகதிக்கு முன்னரே நெல் எடுக்க வேண்டி வருமானால், தராசையும் துண்டையும் மட்டும் இன்னும் முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று போனில் பேசுவோம்.

இப்படிக்கு,
திட்ட முகாமையாளர்