அறுபதாவது பிறந்தநாளுக்கு வாழ்த்திய உங்களுக்கு

அன்பான உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஜூலை 26 அன்று எனக்கு அறுபது வயது நிறைந்ததை நினைவில் வைத்து, முகநூலிலும் வாட்ஸப் குழுக்களிலும் வாழ்த்திய உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாகப் படித்தபோது, பலர் வாழ்த்தோடு நிற்காமல் ஒரு பழைய நினைவையோ, ஒரு விசாரிப்பையோ, ஒரு கேள்வியையோ சேர்த்து எழுதியிருப்பதைக் கண்டேன். அப்படி நேரம் ஒதுக்கி எழுதியவர்களுக்கு ஒரே வரியை எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பலர் ஒன்றுபோலக் கேட்டவற்றுக்கும், எல்லோரும் அறிந்தால் நல்லது என்று தோன்றியவற்றுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். மற்றவர்களுக்கு அவரவர் வாழ்த்துக்குக் கீழேயே எழுதி வருகிறேன்.

பேலார்ட் எஸ்டேட் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் என் பக்கத்து மேஜையில் இருந்த நண்பருக்கு: “இந்தத் தேதியை நான் எப்படி மறப்பேன்?” என்று எழுதியிருந்தீர்கள். மும்பையில் யாராலும் மறக்க முடியாத தேதிதான் அது. 2005-இல், சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த அந்தச் செவ்வாய்க்கிழமை, எனக்கு நாற்பது வயது நிறைந்த நாள். லோக்கல் ரயில்கள் நின்றுபோன பிறகு நாம் இருவரும் தாதர் வழியாக சயான் வரை நடந்தோம். இடுப்பளவு தண்ணீரில், திறந்து கிடக்கும் சாக்கடை மூடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல், முன்னால் போகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்ததை நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் ஒன்றைச் சேர்க்கிறேன். சயானுக்குச் சற்று முன்னால், சால் என்று சொல்லும் வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் இருந்தவர்கள் தெருவோரத்தில் பெஞ்சு போட்டு, போகிறவர் எல்லோருக்கும் தேநீரும் பார்லே-ஜி பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் பங்கு பிஸ்கட்டில் பாதியை, நனையாமல் கைக்குட்டையில் சுற்றி, “இன்று உங்களுக்குப் பிறந்தநாள்” என்று சொல்லி என் கையில் வைத்தீர்கள். அன்று எனக்கு வாழ்த்துச் சொன்ன ஒரே மனிதர் நீங்கள்தான், ஏனென்றால் தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் முதல் வாழ்த்து உங்களிடமிருந்து வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

திருநெல்வேலியிலிருந்து வாழ்த்திய அத்தைக்கு: “விசுவாவசு வருஷம் ஆடி மாசம் பிறந்தவனுக்கு அதே விசுவாவசு திரும்பி வந்திருக்கு, திருக்கடையூர் போகாம இருக்கலாமா?” என்று நீங்கள் கேட்டது நியாயம்தான், அத்தை. மதினியும் சித்தப்பாவும் இதையே கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது 84 வயது. மும்பையிலிருந்து மயிலாடுதுறை வரை ரயிலில் கூட்டிக்கொண்டு வருவது அவர்கள் உடம்புக்கு ஆகாது, அவர்கள் இல்லாமல் அறுபதாம் கல்யாணம் நடத்த எனக்கும் உங்கள் மருமகளுக்கும் விருப்பமில்லை. அதனால் நட்சத்திரம் வந்த நாளில் செம்பூர் வீட்டிலேயே, அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி தாலியைத் தொட்டுக் கொடுக்க, சுருக்கமாக முடித்துவிட்டோம். தை மாதத்தில் நாங்கள் இருவர் மட்டும் அபிராமி சன்னிதிக்கு வருவோம். அப்போது நீங்களும் எங்களோடு வர வேண்டும். உங்களை அழைத்துப்போக முதல் நாளே திருநெல்வேலிக்கு வந்துவிடுகிறேன்.

தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் என்னோடு படித்துவிட்டு இப்போது ஷார்ஜாவில் இருக்கும் நண்பனுக்கு: நீ போட்ட வகுப்புப் படத்தை என் பேரனுக்குக் காட்டினேன். இரண்டாம் வரிசையில் இடது ஓரத்தில், சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு நிற்பது நான் என்று பலர் கீழே எழுதியிருக்கிறார்கள். அது நம் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவன். நான் அவனுக்குப் பின்னால், பாதி முகம் மறைந்து நிற்கிறேன். அவன் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தோல் பட்டறைக்குப் போனவன் என்பது உனக்கும் தெரியும். அவனோடு யாருக்காவது தொடர்பு இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். இந்த நீண்ட பதிவில் நான் உங்களிடம் கேட்கும் உதவி இது ஒன்றுதான்.

கீழ்வீட்டுக் காகூவுக்கு: மராத்தியில் நீங்கள் எழுதிய வாழ்த்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தும்சா ஆபாரி ஆஹே. பூரண்போளி வைத்து அனுப்பிய பாத்திரத்தில் அதிரசம் வைத்துத் திருப்பித் தருவதற்காகத்தான் அது இன்னும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது.

“மும்பைத் தமிழர்களின் தூண்” என்று என்னைக் குறிப்பிட்ட தம்பிக்கு: உங்கள் அன்பை முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் பட்டத்தை ஏற்க இயலாது. குடியிருப்புச் சங்கத்தின் கூடத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தருவதை மட்டுமே நான் செய்கிறேன். அந்தக் கூடத்துக்குப் பூட்டுத் திறந்து, பாய் விரித்து, வகுப்பு முடிந்ததும் பெருக்கி வைக்கும் காவலாளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் பதிவில் அவரையும் ஒரு வரி குறிப்பிட்டால் என் வயதில் எனக்குக் கிடைக்கும் மரியாதையைவிட அது பொருத்தமாக இருக்கும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

இந்த ஆண்டு மனைவியை இழந்த பிறகும், பிறந்தநாளை மறக்காமல் ஒரு வரி எழுதிய அண்ணனுக்கு இங்கே பதில் எழுதப் போவதில்லை. அண்ணா, வியாழக்கிழமை மாலை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

கேக் படமும், கைகூப்பும் படமும், ‘ஹெச்.பி.டி.’ என்ற மூன்று எழுத்தும் அனுப்பிய இளையவர்களுக்கு: வேலைக்குப் போகும் அவசரத்தில், ரயிலில் நின்றுகொண்டே அனுப்பியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நெரிசலிலும் நினைத்தீர்களே, அதற்கு நன்றி. நலமாக இருக்கிறீர்களா, வேலை எப்படிப் போகிறது என்று இரண்டு வரி பிறகு எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

கடைசியாக, என் ஞாயிறு வகுப்பில் படிக்கும் சின்னக் குட்டிக்கு: உன் கையாலேயே வாழ்த்து அட்டை வரைந்து, அதை அம்மாவைப் படம்பிடித்துப் போடச் சொன்னாய். மஞ்சள் பூவும் பச்சை எழுத்தும் மிக அழகு. அறுபது என்பதைத் தமிழ் எண்ணில் ௬௦ என்று எழுதிவிட்டு, “சரியா தாத்தா?” என்று கேட்டிருக்கிறாய். இந்தக் காலத்தில் அப்படியும் எழுதுகிறார்கள், ஆகவே நீ எழுதியது பிழையில்லை. ஆனால் பழைய முறையில் பூச்சியம் கிடையாது. பத்துக்கே ௰ என்று தனியாக ஒரு குறி உண்டு. ஆறு பத்து என்பதால் ஆறுக்கு உரிய ௬ முதலில், அதன் பக்கத்தில் ௰, இரண்டும் சேர்ந்து ௬௰. நூறுக்கும் ௱ என்று ஒரு குறி இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டு வா, நம் பாட்டியின் வயதான 84-ஐ எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.