ரெட் அலர்ட் என்றால் விடுமுறையா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், சென்னைவாசிகள் காலையில் காப்பிக்கு முன்பே கேட்கும் கேள்வி, இன்று என்ன அலர்ட் என்பதுதான். ஆனால் அந்த நிறங்களை விடுமுறை அறிவிப்பாகவே பலரும் படிக்கிறார்கள். விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். நிறத்தை அறிவிப்பது வானிலை ஆய்வு மையம். இரண்டும் ஒன்றல்ல.

மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள் என்றும், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள் என்றும், சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்குங்கள் என்றும் பொருள். பொதுவாக, 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்வதைக் கனமழை என்றும், 12 முதல் 20 செ.மீ. வரை பெய்வதை மிகக் கனமழை என்றும், அதற்கு மேல் பெய்வதை அதிகனமழை என்றும் குறிப்பிடுகிறார்கள். மழை அளவோடு, அது பெய்வதற்கான வாய்ப்பையும் விளைவிக்கக்கூடிய பாதிப்பையும் கணக்கிட்டே நிறம் தீர்மானிக்கப்படுகிறது.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வானிலைக் கணக்கில் ஒரு நாள் என்பது நள்ளிரவில் முடிவதில்லை, காலை 8.30 மணிக்கே முடிகிறது. ஆகவே செவ்வாய்க்கிழமைக்கான எச்சரிக்கை, புதன்கிழமை காலை பள்ளி வேன் வாசலில் வந்து நிற்கும் நேரம் வரை நீள்கிறது.

மஞ்சள் நாளில் வழக்கம்போலக் கிளம்பலாம்; அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் நல்லது. ஆரஞ்சு நாளில் இருசக்கர வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவிலோ மின்சார ரயிலிலோ செல்வதும், சுரங்கப்பாதைகளைத் தவிர்ப்பதும் உசிதம். சுரங்கப்பாதையில் முன்னே போகும் பேருந்தைப் பார்த்துத் தைரியமாக இறங்கும் ஸ்கூட்டர், அந்தப் பேருந்து கிளப்பிவிடும் அலையிலேயே நின்றுபோவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். சிவப்பு நாளில், தவிர்க்க முடியாத வேலை இருந்தாலன்றி வெளியே செல்ல வேண்டாம்.

2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன; 16ஆம் தேதி எதிர்பார்த்த அளவுக்கு மழை பெய்யவில்லை. உடனே கேலி கிளம்பியது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சற்று வடக்கே நகர்ந்தால் மழையும் உடன் நகர்ந்துவிடும் என்பதால், அதைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. மேலும் நிறம் மாவட்டம் முழுவதற்கும் உரியது. தாம்பரத்தில் கொட்டும்போது மாமல்லபுரத்தில் வெயில் அடிக்கலாம்.

பள்ளியைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய அறிவிப்புகளை நம்பாமல், தேதியோடு வெளிவரும் ஆட்சியர் அறிவிப்பைப் பாருங்கள். அது காலை ஆறரை மணிக்கு மேல்கூட வரக்கூடும். அதுவரை குழந்தையின் பையைக் கட்டியே வைத்திருங்கள். அவசரத் தேவைக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும், மாநகரில் தேங்கும் நீரைப் பற்றிய புகாருக்கு 1913 என்ற எண்ணையும் அழைக்கலாம்.