இரண்டாம் அசைன்மென்ட்: டூயல் எழுதும்போது அதிகம் வந்த தவறுகள்

எல்லோருக்கும் வணக்கம். உங்கள் தாள்கள் 41-ஐயும் நேற்று ராத்திரி திருத்தி முடித்தேன். சிம்ப்ளெக்ஸ் அட்டவணை போடுவதில் யாரும் தடுமாறவில்லை. மதிப்பெண் போனதெல்லாம் அதற்கு முன்னால், டூயலை எழுதுகிற அந்த நாலைந்து வரியில்தான். வியாழக்கிழமை இன்டர்னல் டெஸ்டிலும் டூயல் கட்டாயம் வரும் என்று மேடம் சொல்லிவிட்டார்கள், அதனால் தாளில் சிவப்பு மையில் எழுதினால் இடம் போதாத விஷயங்களை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். பேப்பர் பேனா எடுத்துக்கொண்டு படியுங்கள்.

அதிகம் பேர் சறுக்கிய கணக்கு அந்தக் கேரட் கணக்குதான். மறுபடி சொல்கிறேன். கேத்தி பாலாடா பக்கம் 5 ஏக்கர் வைத்திருக்கிற ஒரு விவசாயி, x1 ஏக்கரில் கேரட்டும் x2 ஏக்கரில் உருளைக்கிழங்கும் போடுகிறார். ஏக்கருக்கு லாபம் கேரட்டில் 60, கிழங்கில் 40, எல்லாம் ஆயிரம் ரூபாயில். கேரட் ஏக்கருக்கு 40 ஆள், கிழங்குக்கு 20 ஆள், கைவசம் இருப்பது 160 ஆள். அப்புறம் மேட்டுப்பாளையம் மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பதால் கிழங்கு 3 ஏக்கருக்குக் குறையக்கூடாது. (லாபமும் ஆள் கணக்கும் கணக்குக்காக நான் வைத்த எண்கள், ஊர் நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

```
max  60x1 + 40x2
      x1 +   x2 <= 5
    40x1 + 20x2 <= 160
             x2 >= 3
     x1, x2 >= 0
```

இதற்கு டூயல்:

```
min  5y1 + 160y2 + 3y3
      y1 + 40y2       >= 60
      y1 + 20y2 + y3  >= 40
     y1 >= 0, y2 >= 0, y3 <= 0
```

41 பேரில் 23 பேர் கடைசி வரியில் y3 >= 0 என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாம் சரி, அந்த ஒரு குறிதான். ஆனால் அது சின்னத் தவறு இல்லை, ஏன் என்று பாருங்கள்.

பிரைமலைத் தீர்த்தால் x1 = 2, x2 = 3, லாபம் 240. நீங்கள் எழுதிய டூயலைத் தீர்த்தால் y1 = 20, y2 = 1, y3 = 0, மதிப்பு 260. சிலர் 240-க்கும் 260-க்கும் கீழே கோடு போட்டு, "டூயல் மதிப்பு பிரைமலைவிடப் பெரியது, எனவே சரி" என்று முடித்திருக்கிறீர்கள். வீக் டுவாலிட்டி அதைத்தானே சொல்கிறது என்று தோன்றும், ஆனால் அந்தச் சோதனை இந்தத் தவறைப் பிடிக்காது. நேரியல் திட்டமிடலில் பிரைமலுக்கு முடிவுள்ள உகந்த தீர்வு இருந்தால் டூயலுக்கும் இருக்கும், இரண்டு மதிப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாக வேண்டும். 20 வித்தியாசம் வந்தால் அது "டுவாலிட்டி கேப்" இல்லை, எங்கேயோ நீங்கள் தப்பு செய்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். இரண்டு பேர் அந்த 20-க்கு டுவாலிட்டி கேப் என்று பெயரே எழுதிவிட்டீர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, அந்த 260 எங்கிருந்து வந்தது? நீங்கள் எழுதியது தப்பான டூயல் இல்லை, வேறொரு கணக்கின் சரியான டூயல். y3 >= 0 என்று வைத்த அந்த நிமிடமே மூன்றாவது கட்டுப்பாடு x2 <= 3 ஆகிவிடுகிறது, அதாவது கிழங்கு 3 ஏக்கருக்கு மேல் போகக்கூடாது என்கிற கணக்கு. அதைத் தீர்த்துப் பாருங்கள், x1 = 3, x2 = 2, லாபம் 260. மண்டிக்காரரிடம் வாங்கிய முன்பணமே உங்கள் டூயலில் காணாமல் போய்விட்டது.

சரியான டூயலின் தீர்வு y1 = 60, y2 = 0, y3 = -20. போட்டுப் பாருங்கள், 300 - 60 = 240. இந்த -20-ஐக் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். மண்டிக்காரர் "3 போதாது, இன்னும் ஒரு ஏக்கர் கிழங்கு போடு" என்றால் என்ன ஆகும்? நிலம் அதே 5 ஏக்கர், ஒரு ஏக்கர் கேரட்டை எடுத்துவிட்டுக் கிழங்கு வைக்க வேண்டும், 60 போய் 40 வரும், 20 நஷ்டம். அதுதான் -20. "குறையக்கூடாது" என்கிற கட்டுப்பாட்டை இறுக்கினால் லாபம் ஏறவே முடியாது, அதனால் அதன் விலை பூஜ்யமோ மைனஸோதான். குறியை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வலப்பக்க எண் ஒன்று கூடினால் லாபம் ஏறுமா, இறங்குமா, இரண்டும் நடக்கலாமா? ஏறத்தான் முடியும் என்றால் y >= 0, இறங்கத்தான் முடியும் என்றால் y <= 0, இரண்டும் நடக்கலாம் என்றால் கட்டற்ற மாறி. ஒவ்வொரு y-யும் ஒரு நிரையின் விலை. 1947-இல் டான்ட்சிக் தன் சிம்ப்ளெக்ஸ் முறையோடு ஃபான் நாய்மனைப் போய்ப் பார்த்தபோது, நாய்மன் விளையாட்டுக் கோட்பாட்டில் தான் கண்டிருந்ததை வைத்து இந்த டூயலை எடுத்துச் சொன்னார் என்பது வரலாறு. அட்டவணையைப் புரட்டிப் போடுகிற வித்தையாகப் பார்க்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அடுத்த தவறு இதோடு ஒட்டியது. புத்தகத்தில் உள்ளபடி முதலில் எல்லாவற்றையும் <= ஆக்கிக்கொள்கிறவர்கள் -x2 <= -3 என்று எழுதினீர்கள், நல்லது. அப்படி எழுதினால் குறிக்கோள் சார்பில் -3y3 வரும், இரண்டாவது கட்டுப்பாட்டில் -y3 வரும், y3 >= 0. விடை y3 = 20. இதுவும் முழுக்கச் சரி. ஆனால் ஆறேழு பேர் மைனஸ் ஒன்றால் பெருக்கவும் பெருக்கி, y3 <= 0 என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே குறியை இரண்டு தடவை திருப்பினால் கிளம்பின இடத்துக்கே வந்துவிடுவோம், திரும்ப அதே 260. ஒன்று பெருக்குங்கள், இல்லை குறியை மாற்றுங்கள், இரண்டும் வேண்டாம்.

கம்ப்யூட்டர் லேபில் சரிபார்த்தவர்களுக்கும் இதே இடத்தில் சிக்கல். `linprog` எப்போதும் மினிமைஸ் மட்டும்தான் செய்யும், சமமின்மைகளை <= வடிவில்தான் வாங்கும்.

```python
from scipy.optimize import linprog
r = linprog([-60, -40],
            A_ub=[[1, 1], [40, 20], [0, -1]],
            b_ub=[5, 160, -3])
print(r.ineqlin.marginals)
```

இதில் வருவது -60, 0, -20. அப்படியே தாளில் y என்று எழுதிவிட்டீர்கள். நாம் மேக்சிமைஸை மைனஸ் போட்டு மினிமைஸ் ஆக்கினோம், அதனால் மூன்றின் குறியையும் திருப்ப வேண்டும்: 60, 0, 20. மூன்றாவது நிரையைக் கூடுதலாக நாமே புரட்டியிருக்கிறோம், அதனால் அதை மட்டும் இன்னொரு தடவை திருப்பினால் -20. மூன்றாவது எண் மட்டும் தொடக்கத்திலேயே சரியாகத் தெரிந்தது தற்செயல், அதை நம்பி மற்றதையும் அப்படியே எடுக்காதீர்கள்.

இனி கட்டற்ற மாறி. இரண்டாவது கணக்கில் அதே விவசாயி, கிழங்கு நிபந்தனை இல்லை, ஆனால் 600 ரூபாய் கூலிக்கு வெளியாள் எடுக்கலாம், தன் ஆளை அதே கூலிக்கு வெளியே அனுப்பவும் செய்யலாம். w என்பது நிகரமாக எடுக்கும் ஆள், பிளஸாகவும் இருக்கலாம், மைனஸாகவும் இருக்கலாம். லாபத்தில் -0.6w, ஆள் கட்டுப்பாட்டில் 40x1 + 20x2 - w <= 160. w-க்கான டூயல் வரி -y2 = -0.6, அதாவது y2 = 0.6. பாதிப் பேர் இங்கே >= போட்டிருக்கிறீர்கள். >= போட்டால் y2 <= 0.6 என்று வரும். வெளியே அனுப்ப முடியாது, எடுக்க மட்டும்தான் முடியும் என்கிற கணக்குக்கு அது சரி, ஏனென்றால் ஒரு ஆளின் மதிப்பு வெளிக்கூலியைத் தாண்ட முடியாது, குறையலாம். இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தால் மதிப்பு கூலிக்குச் சமமாக நின்றுவிடும். எங்கள் வீட்டில் அறுவடைக்கு ஆள் கூப்பிடுகிற நாட்களில் அப்பா மனக்கணக்காகப் போடுவது இதைத்தான், அந்த 0.6 எனக்கு முதலில் விளங்கியதும் அங்கேதான்.

இதன் மறுபக்கம்: பிரைமலில் சமக்குறி இருந்தால் அந்த y கட்டற்றது. 5 ஏக்கரையும் கட்டாயம் பயிரிட வேண்டும் என்றால் x1 + x2 = 5, கூடுதல் ஏக்கர் நஷ்டமாகவும் முடியலாம், அதனால் y1-க்குக் குறி வைக்க முடியாது. சும்மா பழக்கத்தில் y1, y2, y3 >= 0 என்று ஒரே மூச்சில் எழுதிவிடாதீர்கள். ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

மினிமைஸ் கணக்கில் தலைகீழாகப் போனவர்களுக்கு: மேக்சிமைஸுக்கு இயல்பான குறி <=, மினிமைஸுக்கு இயல்பான குறி >=, மாறிக்கு இயல்பு >= 0. இயல்பானதற்கு இயல்பானது, எதிரானதற்கு எதிரானது, சமக்குறிக்குக் கட்டற்றது. இந்த ஒரு வரி எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் வேலை செய்யும்.

மாறி வலப்பக்கம் இருந்தால் முதலில் இடப்பக்கம் கொண்டுவாருங்கள். "கேரட் கிழங்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது" என்பது x1 - 2x2 <= 0. வலப்பக்கம் பூஜ்யம், அதனால் டூயலின் குறிக்கோள் சார்பில் அந்த y தெரியாது, ஆனால் கட்டுப்பாடுகளில் 1-உம் -2-உம் ஆக நிற்கும். குறிக்கோளில் இல்லை என்பதற்காகக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டவர்கள் ஐந்து பேர். x1 <= 2.5 மாதிரி மேல் எல்லையும் ஒரு கட்டுப்பாடுதான், அதற்கும் தனி y உண்டு. x1 >= 0 மட்டும்தான் நிரையாக வராது.

நிரையையும் நிரலையும் மாற்ற மறந்தவர்கள் மூன்றே பேர். பிரைமலில் 3 கட்டுப்பாடு, 2 மாறி என்றால் டூயலில் 3 மாறி, 2 கட்டுப்பாடு. எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைசிக் கேள்வியில் "டூயலுக்குத் தீர்வே இல்லை, எனவே பிரைமல் எல்லையற்றது" என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பிரைமல் எல்லையற்றது என்றால் டூயலுக்குத் தீர்வு இல்லை, அது உண்மை. திருப்பிச் சொல்ல முடியாது, இரண்டுக்குமே தீர்வு இல்லாமல் போகலாம்:

```
max  2x1 - x2
      x1 - x2 <= 1
     -x1 + x2 <= -2
     x1, x2 >= 0
```

இரண்டு வரியையும் கூட்டினால் 0 <= -1, பிரைமல் அங்கேயே முடிந்தது. டூயலில் y1 - y2 ஒரு பக்கம் 2-க்குக் குறையக்கூடாது, இன்னொரு பக்கம் 1-ஐத் தாண்டக்கூடாது, அதுவும் நடக்காது. ஆகவே பிரைமலுக்கு ஏதாவது ஒரு தீர்வாவது இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் "எல்லையற்றது" என்று எழுத வேண்டும்.

தாள்களை நாளை மதிய வேளையில் டிபார்ட்மென்ட் மேசையில் வைக்கிறேன். கேரட் கணக்கில் கிழங்கு வரம்பை 3-க்குப் பதில் 1 என்று மாற்றி, டூயலை எழுதி, மூன்று y-யும் கண்டுபிடித்து, y3 ஏன் அப்படி வந்தது என்று ஒரு வரியில் எழுதிக்கொண்டு வாருங்கள். புதன் சாயந்திரம் 4 மணி வரை லேபில் இருப்பேன்; குன்னூர் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வாருங்கள், உங்கள் தாளைத்தான் முதலில் பார்ப்பேன்.